ஒரே எடுத்துக்காட்டு, ஆறு எடைகள்

மெஷின் லேர்னிங் தேர்வில் மாணவர்களை மிரட்டும் கேள்வி ஒன்று உண்டு. சின்ன நியூரல் நெட்வொர்க்கின் படம் இருக்கும், கோடுகளின் மேல் சில எண்கள் இருக்கும், கூடவே ஒரே ஒரு பயிற்சி எடுத்துக்காட்டு. பேக்ப்ராபகேஷன் முறையில் ஒரு சுற்று போட்டுப் புதிய எடைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். 1986-ல் ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிப் பரவலாக்கிய முறை இது. கையில் இருப்பதோ கால்குலேட்டர் மட்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். உள்ளீடுகள் 1, 0. நடுவில், மறைவு அடுக்கில் இரண்டு நியூரான்கள். கடைசியில் வெளியீட்டு நியூரான் ஒன்று. உள்ளீட்டை அடுக்காக எண்ணுவதில்லை என்பதால் இது இரண்டு அடுக்கு நெட்வொர்க். முதல் உள்ளீட்டிலிருந்து நடு நியூரான்களுக்குப் போகும் எடைகள் 0.4, −0.2. இரண்டாம் உள்ளீட்டிலிருந்து 0.3, 0.6. நடுவிலிருந்து கடைசி நியூரானுக்கு 0.5, −0.5. வர வேண்டிய விடை 1. கற்றல் வீதம் 0.5. எல்லா நியூரானிலும் சிக்மாய்டு, பயாஸ் கிடையாது.

முதலில் முன்னோக்கிப் போக வேண்டும். இரண்டாம் உள்ளீடு பூஜ்யம் என்பதால் நடு நியூரான்களுக்கு 0.4, −0.2 மட்டுமே வந்து சேரும். சிக்மாய்டில் போட்டால் 0.5987, 0.4502. இவற்றை 0.5, −0.5 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 0.0743, அதன் சிக்மாய்டு 0.5186. வர வேண்டியது 1, ஆகவே குறை 0.4814.

இனித் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு நியூரானுக்கும் டெல்டா என்று ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிழையில் அந்த நியூரானின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் எண் அது. கடைசி நியூரானுக்கு, குறையைச் சிக்மாய்டின் வகைக்கெழுவால் பெருக்க வேண்டும். நடு நியூரான்களுக்கு நேரடியான குறை என்று எதுவும் கிடையாது. கடைசி டெல்டாதான் இணைக்கும் எடை வழியாக அவற்றுக்கு வந்து சேர்கிறது.

```
0.4814 × 0.5186 × 0.4814       =  0.1202
0.5987 × 0.4013 × 0.5 × 0.1202    =  0.0144
0.4502 × 0.5498 × (−0.5) × 0.1202 = −0.0149
```

அதன் பிறகு எல்லா எடைக்கும் ஒரே விதிதான்: கற்றல் வீதம், கோடு போய்ச் சேரும் நியூரானின் டெல்டா, அந்தக் கோட்டில் வந்த மதிப்பு, மூன்றையும் பெருக்கிப் பழைய எடையோடு கூட்டு. 0.5 என்பது 0.5360 ஆகிறது, −0.5 என்பது −0.4729. முதல் உள்ளீட்டின் எடைகள் 0.4072, −0.2074 ஆகின்றன. இரண்டாம் உள்ளீட்டின் 0.3, 0.6 இரண்டும் அசையாது. அந்தக் கோடுகளில் வந்த மதிப்பே பூஜ்யம். இந்த இடத்தில் ஏதோ விட்டுப்போனது என்று பயந்து, அடித்து எழுதுபவர்கள் உண்டு. அசையாமல் இருப்பதுதான் சரி.

மதிப்பெண் பெரும்பாலும் பறிபோவது வரிசையில். கடைசி அடுக்கின் எடையை முதலில் திருத்திவிட்டு, புதிய 0.5360-ஐ வைத்து நடு டெல்டாவைக் கணக்கிட்டால் 0.0144-க்குப் பதில் 0.0155 வரும். முன்னோக்கிப் போனபோது இருந்த எடை 0.5, பிழை உண்டானதும் அதனால்தான். எனவே டெல்டாக்கள் அத்தனையையும் பழைய எடைகளில் கண்டுபிடித்து முடித்த பிறகே திருத்தத்தில் கை வைக்க வேண்டும். இரண்டு தசமத்தோடு நிறுத்துவதும் ஆபத்து: 0.0144 என்பது 0.01 ஆகிவிடும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கை நழுவிப் போகும். நான்கு தசமம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியில் பிழையை எப்படி அளக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மேலே போட்டது குறையின் வர்க்கத்தில் பாதி என்ற அளவுக்கு. கிராஸ் என்ட்ரபி என்று கேட்டிருந்தால் வகைக்கெழு அடிபட்டுப்போய், கடைசி டெல்டா வெறும் 0.4814 ஆகும்.

சிக்மாய்டின் வகைக்கெழு ஒருபோதும் 0.25-ஐத் தாண்டாது, உங்கள் தாளில் தாண்டியிருந்தால் அங்கேயே தவறு. இதே காரணத்தால்தான் நம் கணக்கில் ஓர் அடுக்கு பின்னால் போவதற்குள் டெல்டா எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சிக்மாய்டு அடுக்குகளைப் பத்து இருபது என்று அடுக்கினால் முன்பக்க எடைகள் ஏறக்குறைய நகராமல் நின்றுவிடும் சிக்கலும் இங்கிருந்தே வருகிறது.

நேரம் மிஞ்சினால் புதிய எடைகளை வைத்து இன்னொரு முறை முன்னோக்கிப் போய்ப் பாருங்கள். நம் கணக்கில் 0.5186 என்பது 0.5274 ஆகிறது, 1-ஐ நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. உங்களுக்கு அது குறைந்திருந்தால் முதலில் கூட்டல் கழித்தல் குறிகளைத் தேடுங்கள்.