பேனர் ஏன் மேல ஏறினது? நிரலைக் கேளுங்கோ

இந்த எபிசோட்ல ஃபொன்ட் பற்றிக் கதைக்கேக்க, "தமிழ் எழுத்தைச் சாய்க்கப் போய் நான் வாங்கின அடியை நியூஸ்லெட்டர்ல எழுதுறன்" எண்டு சொன்னன். இது அதுதான். பிக்கரிங் கோ ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்துக்கொண்டு ஃபோன்ல டைப் பண்ணுறன்.

கதை சின்னது. ஒரு கிளையன்டின்ர பக்கத்துக்குத் தமிழ்த் தலைப்பு ஒண்டு சாய்வா வேணும். பல தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியான சாய்வெழுத்து இல்லை. அதால நேர் எழுத்தையே எடுத்து நாங்களே சாய்க்க வேண்டியிருக்கும். நான் மேட்ரிக்ஸைக் கடதாசியில சரியாத்தான் எழுதினன்:

```
1   -0.25
0    1
```

அதை வாசிக்கிற மாதிரியே, இடமிருந்து வலமா, வரிவரியா டைப் பண்ணினன்:

```css
transform: matrix(1, -0.25, 0, 1, 0, 0);
```

எழுத்து சாயேல்ல. முழுத் தலைப்பும் மலை ஏறுற மாதிரி வலப்பக்கம் மேல போச்சு. கிளையன்ட் படத்தை அனுப்பி ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

இதைப் பெருக்கிப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் 1 அளவுள்ள சதுரம் ஒண்டை நினையுங்கோ. ஒரு மூலை (0, 0). அதில இருந்து ரெண்டு அம்பு புறப்படுது: ஒண்டு (1, 0), மற்றது (0, 1). மேட்ரிக்ஸ் (1, 0)-ஐப் பெருக்கினா ரெண்டாவது நிரல் பூச்சியத்தால பெருகி அழிஞ்சு போகும், முதல் நிரல் அப்படியே மிஞ்சும். (0, 1)-ஐப் பெருக்கினா ரெண்டாவது நிரல் மிஞ்சும். ஆக, முதல் நிரல் எண்டது முதல் அம்பு போய் நிக்கிற இடம், ரெண்டாவது நிரல் மற்ற அம்பு போய் நிக்கிற இடம். நாலாவது மூலை அந்த ரெண்டையும் கூட்டினது. சதுரம் ஒரு இணைகரம் ஆயிடும், அவ்வளவுதான். (ஊர்ல படிச்ச அம்மாட்டைக் கேட்டா மேட்ரிக்ஸை "தாயம்" எண்டுவா. தமிழ்நாட்டுப் புத்தகத்தில அது "அணி". நிரல் எண்டா மேலிருந்து கீழ், நிரை எண்டா இடமிருந்து வலம். நான் குழம்பினதும் அதிலதான்.)

சி.எஸ்.எஸ்-இல `matrix(a, b, c, d, e, f)` எண்டா `a, b` முதல் நிரல், `c, d` ரெண்டாவது நிரல், `e, f` வெறும் நகர்த்தல். நான் நிரையைக் குடுக்க, பிரவுசர் அதை நிரல் எண்டு வாசிச்சிட்டுது. இன்னொண்டு, திரையில y கீழ்நோக்கித்தான் கூடும்.

இப்ப என்ர பிழையை வாசிப்பம். முதல் நிரல் (1, -0.25): கிடையான அம்பு வலம் போகேக்க கொஞ்சம் மேலயும் போகுது. ரெண்டாவது நிரல் (0, 1): நிமிர்ந்த அம்பு அசையேல்ல. 100 பிக்சல் சதுரத்தை மேல்-இட மூலையில பிடிச்சுக்கொண்டா, மூலைகள் (0, 0), (100, -25), (100, 75), (0, 100). மலை ஏறுது, பாத்தீங்களா?

சரியானது இது:

```css
transform: matrix(1, 0, -0.25, 1, 0, 0);
```

முதல் நிரல் (1, 0), அடிக்கோடு கிடையாவே இருக்கும். ரெண்டாவது நிரல் (-0.25, 1), கீழ போற அம்பு இடப்பக்கம் விலகுது. கால் இடம் போனா தலை வலம் சாயும், அதுதான் சாய்வெழுத்து. மூலைகள் (0, 0), (100, 0), (75, 100), (-25, 100). "ழ"-வின்ர வளைவுக்கும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு புள்ளியும் முதல் அம்பில இவ்வளவு, ரெண்டாவது அம்பில இவ்வளவு எண்டதுதானே, அம்புகள் போற இடத்துக்கு அதுவும் போகும்.

டிட்டர்மினன்டைப் போட்டுப் பார்த்திருந்தா பிடிபட்டிருக்குமா? இல்லை. `ad - bc` ரெண்டிலயும் 1தான், பரப்பு மாறவே இல்லை. நிரையும் நிரலும் இடம் மாறினா அந்த எண் மாறாது, அதால இந்தப் பிழைக்கு அது உதவாது. அது வேற ரெண்டைக் காட்டும். 0 வந்தா ரெண்டு அம்பும் ஒரே கோட்டில விழுந்து சதுரம் தட்டையாயிட்டுது. மைனஸ் வந்தா எழுத்து கண்ணாடியில தெரியிற மாதிரித் திரும்பியிட்டுது.

நீங்கள் செய்து பார்க்கேக்க என்ர மூலை எண்கள் வரேல்ல எண்டா பயப்பிடாதீங்கோ. சி.எஸ்.எஸ் வழக்கமா பெட்டியின்ர நடுவைத்தான் அசையாம வைக்கும். `transform-origin: 0 0` போட்டா மேல்-இட மூலை நிக்கும். `skewX(-14deg)` எண்டு எழுதிட்டு டெவ்டூல்ஸில Computed பக்கத்தைத் திறந்தா `matrix(1, 0, -0.249328, 1, 0, 0)` எண்டு இருக்கும். மூண்டாவது இடத்தில அந்த எண் நிக்கிறதைப் பார்த்திட்டுத்தான் நான் என்ர வரியைத் திருத்தினன்.

ரயில் வருது.