விடுதலைப் பத்திரம்: உடன்வாரிசு தன் பாகத்தை விட்டுக்கொடுத்தல்

தாமிரபரணிக் கரையிலே நஞ்செய் உடைய குடும்பங்களில், தகப்பனார் மறைந்து பதினாறாம் நாட் சடங்கு முடிந்தவுடன் ஒரு பேச்சு எழுவதுண்டு. "நிலத்தைத் துண்டாடினால் மடை ஒன்று, வரப்பு நாலு என்றாகிவிடும், அக்காள் ஒரு கையெழுத்து வைத்துவிட்டால் பட்டா ஒரே பேரில் நிற்கும்" என்பர். அக்காளும், உடன்பிறந்தானோடு வழக்கெதற்கு என்று எண்ணிக் கையெழுத்து வைத்துவிடுகிறாள். அக் கையெழுத்து எந்தப் பத்திரத்தில் வைக்கப்பட்டது, அதனால் எது கைவிட்டுப் போயிற்று, பிற்காலத்தில் அதை மறுத்துரைக்க வழியுண்டா என்பவற்றை அறிந்தவர் சிலரே. ஆதலின் விடுதலைப் பத்திரம் என வழங்கும் அச் சாசனத்தின் இயல்பை ஓர் உதாரணத்தைக் கொண்டு இங்கே விளக்க முயல்வோம்.

சேரன்மகாதேவியை அடுத்து, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், ஒருவர் தம் சுயார்ஜிதமாக இரண்டு ஏக்கர் நஞ்செய் வாங்கியிருந்தார் எனக் கொள்வோம். அவர் உயில் எழுதாமல் இறந்தார். மனைவியும், மூத்த மகனும், மகளும், இளைய மகனும் வாரிசுகள். இந்துக் குடும்பமாயின், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் நாலில் ஒரு பங்கு வீதம் உரியது. கிறிஸ்தவக் குடும்பமாயின், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியதில் மக்கள் மூவருக்கும் சமபாகமும் சேரும். மகன் என்றும் மகள் என்றும் அங்கே வேற்றுமை இல்லை. நம் உதாரணத்தை இந்துக் குடும்பமாகவே வைத்துக்கொள்வோம். மகள் தன் கால்பாகத்தை மூத்த சகோதரனுக்கு விட்டுக்கொடுக்க இசைகிறாள்.

இங்கே முதலில் உணரவேண்டியது, விடுதலை என்பது கிரயம் அன்று என்பதாம். கிரயத்தில், ஒருவனிடம் இல்லாத உரிமை அவனிடம் புதிதாகச் செல்லுகிறது. விடுதலையிலோ, சொத்து முழுவதிலும் ஏற்கெனவே உரிமையுடைய ஒருவனுடைய பாத்தியதை, மற்றொருவர் விலகிக்கொள்வதால் விரிவடைகிறது. பிரியாத சொத்தில் உடன்பங்குதாரர் ஒவ்வொருவரும் அதன் ஒவ்வோர் அங்குலத்திலும் பாத்தியதை உடையவர். ஆகவே ஒருவர் மற்றவருக்கு எதையும் மாற்றித்தர வேண்டுவதில்லை. தம் பாத்தியதையை விலக்கிக்கொண்டாலே போதும். 1955இல் அச்சேறிய ஒரு தீர்ப்பில் சென்னை உயர்நீதிமன்றம் இந் நெறியைத் தெளிவுபடுத்திற்று. முத்திரைத் தீர்வையில் உள்ள பெரிய வேற்றுமையும் இதனின்றே பிறக்கிறது.

தீர்வைக் கணக்கைப் பார்ப்போம். நிலம் முழுவதன் வழிகாட்டி மதிப்பு நாற்பது லட்சம் ரூபாய் எனின், மகளின் கால்பாகம் பத்து லட்சம். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரத்திற்கு, தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முத்திரைத் தீர்வை விடப்படும் பாகத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று. ஆயினும் 40,000 ரூபாய்க்கு மேற்படாது. பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு ஒன்று; 10,000 ரூபாய்க்கு மேற்படாது. ஆகவே நம் உதாரணத்தில் தீர்வை 10,000, கட்டணம் 10,000, ஆக 20,000 ரூபாய். விடப்படும் பாகம் அறுபது லட்சம் பெறுமாயினும் இரண்டும் சேர்ந்து 50,000 ரூபாயோடு நின்றுவிடும். அதே கால்பாகத்தைக் கிரயமாக எழுதினால், நூற்றுக்கு ஏழு வீதம் தீர்வை 70,000 ரூபாயும், நூற்றுக்கு இரண்டு வீதம் கட்டணம் 20,000 ரூபாயும் ஆகும். குடும்பத்தார் அல்லாத உடன்பங்குதாரருக்கு விடுதலை எழுதினாலும் தீர்வை நூற்றுக்கு ஏழேயாம்.

இச் சலுகையைக் கருதிப் பலர் ஒரு பிழை செய்கின்றனர். மூத்தவனுக்குக் கடன் தொல்லை இருப்பதால், அவன் மனைவியின் பேருக்கே மகள் விடுதலை எழுதிக் கொடுக்கிறாள் என்க. மாமனார் சொத்தில் அம் மருமகளுக்கு முன்னமே பாகம் ஏதும் இல்லை. விரிவடைவதற்கு அவளிடம் பாத்தியதை இல்லை. எனவே பத்திரத்தின் தலைப்பில் விடுதலை என்று எழுதியிருந்தாலும், அது விடுதலை ஆகாது. உள்ளிருக்கும் சொற்கள் உரிமையை மாற்றித் தருவனவாயிருந்தால், அதைக் கிரயமாகவோ தானமாகவோ கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றமும் கூறியுள்ளது. அப்பொழுது தீர்வையும் அவ்வகைக்கு உரியதாகும்; தானமாயின் இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்கவும் வேண்டும். இவை குறைந்த பத்திரம் தீர்வைக்கும் பற்றாது, உரிமைக்கும் பற்றாது.

இனிப் பத்திரம் நிறைவேறும் முறை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஸ்தாவர சொத்தில் உள்ள பாத்தியதையை விடுவதற்குப் பதிவு கட்டாயம் என 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விதிக்கிறது. வெள்ளைத்தாளில் "என் பாகம் எனக்கு வேண்டாம்" என்று எழுதி ஊர்ப் பெரியோர் முன் கையொப்பமிட்டால், அத் தாள் நிலத்தின் உரிமையை அசைக்காது. தகப்பனாரின் மூலப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டு பத்திரம் எழுதப்பெறும். எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள், நிலம் அமைந்த எல்லைக்குரிய சார்பதிவாளரிடம் அதைத் தாக்கல் செய்யவேண்டும். எழுதிக்கொடுத்தவரே நேரில் வந்து, தாம் எழுதிக்கொடுத்தது உண்மை என ஒப்புக்கொண்டு, கைவிரல் ரேகை வைக்கவேண்டும். சார்பதிவாளர் விசாரிப்பது, இவர்தாம் எழுதிக்கொடுத்தாரா என்பதையே. விட்டுக்கொடுத்தது நியாயமா, பேசிய பணம் கைக்கு வந்ததா என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. பதிவானதனால் எல்லாம் உறுதிப்பட்டது என்று எண்ணுவது தவறாவது இதனாலேயே.

பத்திரம் பதிவான பின் நம் குடும்பத்தில் யாருக்கு என்ன பாகம்? மகளின் கால்பாகம் மூத்தவனைச் சேர்ந்து அவனுக்கு அரைப்பங்கு ஆயிற்று. தாய்க்கும் இளையவனுக்கும் கால்பாகம் வீதம் அப்படியே நிற்கிறது. முழு நிலமும் தனக்காயிற்று என்று மூத்தவன் கருதினாலும், கூட்டுப்பட்டாவில் தன் பேர் மட்டும் ஏற்றப்பட்டாலும், மற்றவர் பாகம் அழிவதில்லை; பட்டா வருவாய்த் துறையின் பதிவேயன்றி உரிமைமூலம் அன்று. மேலும், விடுதலை சொத்து விவரத்தில் எழுதிய சர்வே எண்களுக்கே செல்லும். பாளையங்கோட்டையில் தகப்பனாருக்கு ஒரு மனை இருந்து, அது விவரத்தில் இடம்பெறாதிருந்தால், அதில் மகளின் கால்பாகம் என்றும் உண்டு.

பின்னாளில் இப் பத்திரத்தை எதிர்த்து வழக்கிடுதல் எவ்வெவ்வாறு நிகழும்? முதலாவது, சம்மதத்தில் குற்றம். "பட்டா மாற்றத்திற்கு ஒரு கையெழுத்து" என்று கூறி விடுதலையை வாங்கியிருந்தால் அது மோசடி. துக்க வீட்டில், தன்னை நம்பியிருக்கும் தங்கையைத் தன் சொற்படி ஆடும்படி செய்து வாங்கியிருந்தால் தகாத செல்வாக்கு. இவ்விரண்டிலும் பத்திரம் தானாகவே செல்லாததாகிவிடாது. எழுதிக்கொடுத்தவர் உரிமையியல் நீதிமன்றத்தில் அதை ரத்துச் செய்யும்படி வழக்கிடவேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 59ஆம் இனப்படி, உண்மை தெரியவந்த நாள் முதல் மூன்றாண்டுக்குள் அவ்வழக்கு வரவேண்டும். தமையன், "பதிவன்றே வாசித்துக் காட்டினோம், கைரேகை வைத்தாய், அன்றே தெரியும்" என்று வாதிப்பான். பொதுவாக மெய்ப்பிக்கும் பாரம் வழக்கிட்டவரையே சாரும். ஆயினும் எழுதப்படிக்க அறியாத பெண் எழுதிக்கொடுத்ததாயின், அவள் பொருளுணர்ந்தே கையெழுத்திட்டாள் என்று காட்டும் பாரம் பயன் பெற்றவனையே சாரும். ஆதலின் பத்திரத்தில் பத்து லட்சம் பெற்றதாக எழுதிவிட்டு ஒன்றும் கொடாதிருப்பது இரு தரப்புக்கும் கேடு. பணம் வங்கி வழியே சென்றிருந்தால், அக் கணக்கு எந்தச் சாட்சியினும் வலிது. பணமின்றி அன்பினால் விடுவதாயின் அவ்வாறே எழுதுவது நேர்மையும் பாதுகாப்புமாம்.

இரண்டாவது, சிறுவர் பாகம். இளைய மகன் பதினேழு வயதினன். தாய் அவனுக்காகவும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தாள் என்க. 1956ஆம் ஆண்டு இந்துச் சிறுவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற அனுமதியின்றி இயற்கைக் காப்பாளர் சிறுவனின் ஸ்தாவர சொத்தைப் பராதீனம் செய்தால், அவன் அதைத் தள்ளிவிடலாம். பதினெட்டு நிறைந்தபின் மூன்றாண்டு, அதாவது இருபத்தொரு வயது நிறையும்வரை அவனுக்குத் தவணை. அதுவரை அந் நிலத்தை வாங்குபவர் அப் பாகத்தை நம்பி உறங்க இயலாது.

மூன்றாவது, தகப்பன் உயிரோடிருக்கும்பொழுதே அவருடைய சுயார்ஜிதத்தில் மகன் விடுதலை எழுதிக்கொடுப்பது. அப்பொழுது அவனிடம் இருப்பது எதிர்பார்ப்பேயன்றி உரிமையன்று. எதிர்பார்ப்பை மாற்றித்தர 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இடங்கொடாது. அப்படியாயின் அப் பத்திரம் வெறுந்தாளா? தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கில் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதற்கு விடையளித்தது. அதில் மகன் 1975இல் பணம் பெற்றுக்கொண்டு தந்தையின் சொத்தில் தனக்கு வரக்கூடியதை விட்டுவிட்டான். தந்தைக்கு முன்னரே இறந்தும் போனான். பின்னர்த் தந்தையும் இறக்க, அம் மகனின் மக்கள் பாகம் கேட்டனர். உரிமை மாற்றமாக அப் பத்திரம் செல்லாதெனினும், பணம் பெற்றுக்கொண்டு நடந்துகொண்ட நடத்தையால், மறுத்துப் பேச முடியாத தடை அவனுக்கு ஏற்பட்டது; அத் தடை அவன் வழியே உரிமை கோரும் மக்களையும் கட்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பணம் பெறாமல் எழுதிய அத்தகைய பத்திரம் வலுவற்றது. பணம் பெற்று எழுதியதோ பேரப்பிள்ளைகளையும் தொடர வல்லது.

நம் உதாரணத்து மகளிடம் மீண்டும் வருவோம். அவள் கையெழுத்திடுமுன் கேட்கவேண்டியவை மூன்றே: எந்தச் சர்வே எண்கள், யார் பேருக்கு, எவ்வளவு பெற்றுக்கொண்டு? இம் மூன்றையும் தன் கண்ணால் பத்திரத்தில் வாசித்தபின், ஒரு பிரதியையும் கையோடு கொண்டு செல்வாளாயின், பிசான அறுவடைக்குத் தமையன் வீட்டிற்கு வரும்பொழுது அவள் விருந்தாளியாகவே வரலாம், வாதியாக வரவேண்டுவதில்லை.