பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரை வாங்குமுன்

விற்பவர் 120 மாணவர்கள் என்கிறார். பெயர்ப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கடந்த மூன்று மாத ஃபீஸ் ரசீதையும் வருகைப் பதிவேட்டையும் ஒத்துப் பாருங்கள். டிசம்பரில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரசீதின்படி 94 பேர்தான் தேறுகிறார்கள். அவர்களில் 30 பேர் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடிந்ததும் போய்விடுவார்கள். ஆக, விலை பேச வேண்டியது 64 பேருக்குத்தான்.

இன்னொரு பொறி, முன்பணம். 40 பேர் ஜூனிலேயே ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாயைக் கட்டியிருந்தால், மீதி ஆறு மாதப் பாடம் உங்கள் தலையில். பணமோ விற்றவர் கையில். அந்த 3,60,000 ரூபாயை விலையில் கழித்தே ஆக வேண்டும்.

கணக்கு வாத்தியார் விலகினால் பிள்ளைகளும் பின்னாலேயே போவார்கள். கையெழுத்துக்கு முன்பே, விற்பவர் சம்மதத்தோடு அவரிடம் பேசுங்கள். வேலையை விட்டபின் அவர் தனியாக டியூஷன் எடுப்பதை ஒப்பந்தம் போட்டுத் தடுக்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு அப்படி. ஆனால் நற்பெயரோடு தொழிலை விற்பவரை, நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைத் தொடங்கவிடாமல் கட்டுப்படுத்தலாம். அதை எழுதி வாங்குங்கள்.

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம், விற்பவர் பெயரில். கட்டட உரிமையாளரோடு புது ஒப்பந்தம் போட்டு, அட்வான்ஸ் யாருக்குச் சேரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சம்பள பாக்கி, கரண்ட் பில், ஜிஎஸ்டி நிலுவை தெரியும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது நல்லது.