ஐதரசன் எரிபொருட்கலமும் கடற்கரைக் காற்றும்

மின்கலமொன்று தன்னகத்தே அடங்கிய பொருள்கள் தீர்ந்தவுடன் ஓய்ந்துவிடும். எரிபொருட்கலமோ, ஐதரசனும் ஒட்சிசனும் வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும் வரை மின்னோட்டத்தை ஈந்துகொண்டேயிருக்கும். நிலத்தில் இயங்கும் கலங்கள் ஒட்சிசனைப் பெரும்பாலும் சுற்றியுள்ள காற்றிலிருந்தே பெறுகின்றன. ஆதலின், எந்த மின்பகுபொருளைக் கொண்ட கலம் ஓரிடத்திற்கு ஏற்றது என்னும் வினாவுக்கு அவ்விடத்துக் காற்றையும் நோக்கியே விடை கூறல் வேண்டும்.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கற்பிட்டிக் குடாநாட்டில் காற்றாலைகள் மின்னை உண்டாக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசுங்காலத்து மிகுமின்னாற் நீரைப் பகுத்து ஐதரசனைச் சேமித்தால், காற்று ஓய்ந்தபோது எரிபொருட்கலம் அதனை மீண்டும் மின்னாக்கும். ஆயின், காற்றாலையைச் சுழற்றும் அதே கடற்காற்று உப்புத் துளிகளையும் சுமந்து வருகின்றது.

கலத்தின் இயக்கம் எளிது. இரு மின்வாய்களுக்கிடையே மின்பகுபொருள் உள்ளது. அது அயன்களைச் செல்லவிடும், இலத்திரன்களைச் செல்லவிடாது. அமிலத் தன்மையுள்ள பல்பகுதிய மென்றகட்டுக் கலத்தில், அனோட்டிலுள்ள பிளாற்றின ஊக்கியின்மேல் ஐதரசன் பிரிகின்றது:

H₂ → 2H⁺ + 2e⁻

ஐதரசன் அயன்கள் மென்றகட்டினூடாகக் கதோட்டை அடைகின்றன. இலத்திரன்களுக்கு அவ்வழி அடைபட்டிருத்தலால், அவை வெளிச்சுற்றினூடாகவே செல்ல வேண்டும். அச்செலவே மின்னோட்டம். கதோட்டில் மூன்றும் கூடி நீராகின்றன:

½O₂ + 2H⁺ + 2e⁻ → H₂O

25 பாகை செல்சியசில் இத்தாக்கம் தரவல்ல மின்னழுத்தம் 1.23 உவோற்று. சுமை ஏறியவழி ஏறத்தாழ 0.7 உவோற்றே எஞ்சும். 18 கலங்களைத் தொடராக இணைத்தால் 12.6 உவோற்றும், 100 வாற்றுச் சுமைக்கு ஏறத்தாழ 8 அம்பியரும் கிடைக்கும். இச்சுமை 10 மணி நேரம் இயங்க ஏறக்குறைய 54 கிராம் ஐதரசன் செலவாகி, அரை இலீற்றர் அளவு நீர் உண்டாகும்.

காரக் கலத்தில் மின்பகுபொருள் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல். ஈண்டு OH⁻ அயன்கள் கதோட்டிலிருந்து அனோட்டுக்குச் செல்கின்றன. நீரும் ஐதரசன் பக்கத்திலேயே தோன்றுகின்றது. ஒட்சிசன் தாக்கம் காரத்தில் விரைந்து நிகழ்வதால் விலையுயர்ந்த பிளாற்றினமின்றியும் இக்கலம் இயங்கும். எனினும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இதற்குப் பகை:

2KOH + CO₂ → K₂CO₃ + H₂O

மேற்கூறிய 10 மணி நேர இயக்கத்துக்கு, தேவையின் இருமடங்கு காற்றைச் செலுத்துவதாயின், அது ஏறத்தாழ 3 கனமீற்றராகும். அதிலுள்ள காபனீரொட்சைட்டு முழுவதும் உறிஞ்சப்படின் 6 கிராம் அளவு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வீணாகும். காபனேற்றுப் பளிங்குகள் மின்வாயின் நுண்டுளைகளையும் அடைக்கும். ஆகவே காற்றை முதலிற் சோடாச் சுண்ணாம்பினூடாகச் செலுத்துதல் வேண்டும். அப்பலோ விண்கலங்களில் காரக் கலங்கள் செவ்வனே இயங்கியமைக்குக் காரணம், அவற்றுக்குத் தூய ஒட்சிசனே ஊட்டப்பட்டமையாகும்.

மென்றகட்டுக் கலத்தைக் காபனீரொட்சைட்டு அவ்வாறு கெடுப்பதில்லை. அதனைக் கெடுப்பது உப்பு. மென்றகட்டில் ஐதரசன் அயன்கள் சல்போனிக்கமிலத் தொகுதிகளைப் பற்றி நிற்கின்றன. சோடியம் அயன் புகுந்தால் அவ்விடத்தைத் தான் பற்றிக்கொள்ளும். மென்றகட்டின் கடத்துதிறன் குறையும். குளோரைட்டு அயனோ பிளாற்றினத்தின் மேற்பரப்பில் ஒட்டி ஒட்சிசன் தாக்கத்தைத் தளர்த்தும்; பிளாற்றினம் கரைதற்கும் துணைசெய்யும். 2024 சனவரி 1இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஏவிய பீ.எஸ்.எல்.வி. சி-58 உந்துகணையின் இறுதிப் பகுதியில் இவ்வகைக் கலம் பரிசோதிக்கப்பட்டு 180 வாற்று வலுவைத் தந்தது. ஆயின் அதற்கும் ஒட்சிசன் கொள்கலத்திலிருந்தே ஊட்டப்பட்டது. கடற்காற்றை அது எதிர்கொள்ளவில்லை.

திண்ம ஒட்சைட்டுக் கலத்தில் இற்றியம் கலந்த சேர்க்கோனியம் ஒட்சைட்டினூடாக O²⁻ அயன்கள் செல்கின்றன. இதற்கு 700 பாகை செல்சியசு அளவான வெப்பநிலை வேண்டும். அடிக்கடி சூடேறி ஆறின் மட்பாண்டத் தகடு வெடிக்கக்கூடுமாதலால், காற்றோடு நின்று நின்று இயங்க வேண்டிய இடத்துக்கு இது பொருந்துவது அரிது.

எனவே கற்பிட்டி போன்ற இடத்துக்கு, உப்பைத் தடுக்கும் வடிகட்டியுடன் கூடிய மென்றகட்டுக் கலம் ஏற்புடையது. வடிகட்டி தவறியதை மின்னோட்ட–மின்னழுத்த வளையி காட்டும். சிறு மின்னோட்டத்திலேயே மின்னழுத்தம் தாழ்ந்தால் ஊக்கி பழுதுற்றது எனலாம். நடுப்பகுதியின் சாய்வு மிகுந்தால் மென்றகட்டின் தடை கூடியது எனலாம். ஆயின் மென்றகடு உலர்ந்தாலும் இச்சாய்வு மிகும். ஈரமூட்டியபின் சாய்வு பழைய நிலைக்கு மீண்டால் குறை ஈரத்தினது. மீளாதாயின் சோடியத்தை ஐயுறல் தகும். குளோரைட்டின் கேட்டிற் பெரும்பகுதி தூய காற்றும் நீரும் செலுத்த நீங்கக்கூடும். சோடியமோ அயனாகப் பிணைந்திருத்தலால் தூய நீருக்கு அகலாது. அதனை அகற்றக் கலத்தைப் பிரித்து மென்றகட்டை அமிலத்திற் கழுவ வேண்டும். அவ்வாறு பிரித்த கலம் பழைய திறனை அடைதல் அரிதாகையால், வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதே சிக்கனமான வழியாகும்.