சொட்டு நீர்ப்பாசனப் படமும் தோட்டத்தின் நாளாந்த நீர்த்தேவையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக் கற்படையினுள் இறங்கித் தேங்குகின்றது. அதனையே கிணறுகள் கோடை முழுவதும் வழங்குகின்றன. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், பாய்ச்சும் நீரின் அளவை இறைப்பவரின் உடற்களைப்பே உணர்த்திற்று. சொட்டு நீர்ப்பாசனத்திலோ நீர் ஓசையின்றி மண்ணில் இறங்குதலால், அதன் அளவைக் கணக்கினாலன்றி அறிதல் அரிது. அக்கணக்கிற்கு வேண்டிய தரவுகளுட் பெரும்பகுதி, குழாய்களைப் பொருத்தியவர் வரைந்து கொடுத்த அமைப்புப் படத்திலேயே உண்டு. அப்படத்தின் ஒளிப்படம் ஒன்று கையிலிருப்பின் கணக்கைத் தொடங்கலாம்.

எடுத்துக்காட்டாகச் செம்மண் நிலத்துத் தோட்டம் ஒன்றைக் கொள்வோம். அதன் படத்தில் மூன்று வகைக் குறியீடுகள் உள்ளன. விட்டுவிட்டு வரைந்த கோடு, மிளகாய்ப் பாத்தியிற் செல்லும் குழாயைக் குறிக்கும். அக்குழாயினுள்ளே 30 சதமமீற்றருக்கு ஒன்றாக, மணித்தியாலத்திற்கு 2 இலீற்றர் நீரைத் தரும் சொட்டுவான்கள் அமைந்துள்ளன. சொட்டுவான் என்பது நீர் துளியாக வெளிவரும் சிறு வாயாகும். சிறு வட்டம், வாழையின் அடியிலுள்ள 4 இலீற்றர்ச் சொட்டுவானையும், கருநிற வட்டம், தேசிமரத்தைச் சூழவுள்ள 8 இலீற்றர்ச் சொட்டுவானையும் குறிக்கும்.

படத்தை வாசிப்போர் வட்டங்களை மாத்திரம் எண்ணுவாராயின் பெரும் பிழை நேரும். வாழை 10, ஒவ்வொன்றிற்கும் இரண்டு வட்டங்களாக 20. தேசி 3, ஒவ்வொன்றிற்கும் நான்காக 12. ஆக, கண்ணுக்குத் தோன்றுவன 32 சொட்டுவான்களே. மிளகாய்ப் பாத்தியின் சொட்டுவான்களோ வெறும் கோடாகவே காணப்படுகின்றன. அவற்றை நீளத்தைக் கொண்டே அறிதல் வேண்டும். ஒவ்வொன்றும் 12 மீற்றர் நீளமான நான்கு குழாய்கள் உள்ளன. 12 மீற்றரை 0.3 ஆல் வகுக்கக் குழாய் ஒன்றிற்கு 40, நான்கிற்கும் 160. எனவே தோட்டத்துச் சொட்டுவான்களின் மொத்தத் தொகை 192 ஆகும்.

இங்கு நீளத்தை ஒளிப்படத்தின்மேல் அளவுகோல் வைத்து அளத்தல் தகாது. சாய்வாக எடுத்த படத்தில் அப்பாலுள்ள பகுதி சிறுத்தும் இப்பாலுள்ள பகுதி பெருத்தும் தோன்றும். படத்தில் எழுதப்பட்ட அளவையே கொள்ளல் வேண்டும். அது இல்லாவிடத்துப் பாத்தியை நேரில் அளத்தல் வேண்டும். படத்தின் ஓரம் வெட்டுண்டதோ என்பதை, மரங்களின் தொகையையும் மரத்திற்குரிய சொட்டுவான்களின் தொகையையும் பெருக்கி, எண்ணிய தொகையோடு ஒப்பிட்டு அறியலாம்.

இனி நீரோட்டத்தைக் கூட்டலாம். மிளகாய்க்கு 160 இனை 2 ஆற் பெருக்க 320 இலீற்றர். வாழைக்கு 20 இனை 4 ஆற் பெருக்க 80. தேசிக்கு 12 இனை 8 ஆற் பெருக்க 96. மொத்தம் மணித்தியாலத்திற்கு 496 இலீற்றர். நீரிறைக்கும் இயந்திரம் இவ்வளவையேனும் தரவல்லதாய் இருத்தல் வேண்டும். ஆயின் இத்தொகை குழாய்கள் தரும் நீரின் அளவேயன்றிப் பயிர் வேண்டும் நீரின் அளவன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையிற் பலரும் செய்யும் தவறாகும்.

பயிரின் தேவை, மண்ணிலிருந்து ஆவியாகும் நீரையும் இலைகள் வெளிவிடும் நீரையும் சேர்த்துக் கணிக்கப்படுவது. கோடைநாளொன்றில் சீரான புற்றரை இழக்கும் நீரை இங்கு 5 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயர நீர் சரியாக ஒரு இலீற்றர் ஆதலின், இக்கணக்கு எளிதாகின்றது. புற்றரையோடு ஒப்பிடுகையில் ஒவ்வொரு பயிரும் எத்தனை மடங்கு நீரை இழக்கும் என்பதை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 1998 இல் வெளியிட்ட நூலிற் காணலாம். அதனைத் தழுவி, நன்கு வளர்ந்த மிளகாய்க்கு 1.05 உம், முதலாண்டு வாழைக்கு 1.10 உம், தேசிக்கு ஏறத்தாழ 0.7 உம் கொள்ளலாம்.

மிளகாய்க் குழாய்களின் இடைவெளி 60 சதமமீற்றர். ஆகவே பாத்தியின் பரப்பு 28.8 சதுர மீற்றர். இதனை 5 ஆலும் 1.05 ஆலும் பெருக்க 151 இலீற்றர் வரும். எல்லாச் சொட்டுவான்களும் ஒரே சீராக நீர் தருவதில்லையாதலால், விடும் நீரில் பத்திலொரு பங்கு பயன்படாது போகுமெனக் கொண்டு 0.9 ஆல் வகுக்க 168 இலீற்றர் ஆகின்றது. வாழை ஒன்றிற்கு 4 சதுர மீற்றராகப் பத்திற்கும் 40. அவ்வாறே கணிக்க 244 இலீற்றர். தேசிமரத்தின் கவிகை 3 மீற்றர் விட்டமுடையதாயின் மூன்று மரங்களின் பரப்பு 21.2 சதுர மீற்றர். அவற்றின் தேவை 82 இலீற்றர். தோட்டத்தின் நாளாந்தத் தேவை மொத்தம் 494 இலீற்றர்.

குழாய்கள் ஒரு மணித்தியாலத்திற் தருவது 496. தோட்டம் வேண்டுவது 494. எனவே நாடோறும் ஒரு மணித்தியாலம் நீரைத் திறந்துவிட்டாற் போதும் என்றே எவருக்கும் தோன்றும். அவ்வாறு செய்யின் நிகழ்வது யாது? 168 இலீற்றர் வேண்டிய மிளகாய் 320 இலீற்றரைப் பெறும். 244 வேண்டிய வாழை 80 மட்டுமே பெற்று வாடும். தேசி தன் தேவையிலும் சிறிது மிகையாகப் பெறும். கூட்டுத்தொகை பொருந்தியிருந்தும் தோட்டம் பிழையாகப் பாய்ச்சப்படுகின்றது. வாழையின் வாட்டத்தைக் கண்டு நேரத்தை நீட்டுவோர், மிளகாய்ப் பாத்திக்கு மேலும் நீரை வார்ப்போராவர். மிகுதி நீர் செம்மண்ணைக் கடந்து, இட்ட உரத்தின் நைத்திரேற்றையும் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கற்படையினுள் இறங்கும். அங்கு தேங்கும் நீரே குடிகிணற்றுக்கும் வருவது.

ஆதலால் மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடாது, ஒவ்வொரு பகுதியின் தேவையையும் அப்பகுதியின் நீரோட்டத்தால் வகுத்தலே முறையாகும். மிளகாய்க்கு 168 இனை 320 ஆல் வகுக்க ஏறத்தாழ 32 நிமிடம். தேசிக்கு 82 இனை 96 ஆல் வகுக்க 51 நிமிடம். வாழைக்கு 244 இனை 80 ஆல் வகுக்க மூன்று மணித்தியாலத்திற்குச் சற்று மேல். பகுதிக்கொரு வால்வு இருப்பின், மூன்றையும் ஒருங்கே திறந்து உரிய நேரத்தில் ஒவ்வொன்றாக மூடலாம். வாழைக்கு இவ்வளவு நேரம் இயந்திரத்தை ஓட்டுதல் இயலாதாயின், அதன் சொட்டுவான்களை 8 இலீற்றர் வகையாக மாற்ற, நேரம் பாதியாகும்.

படத்திலுள்ள அளவும் களத்திலுள்ள அளவும் ஒன்றென நம்பியிருத்தலும் ஆகாது. குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்பு மிக்கதாதலின் சொட்டுவான்களிற் காரை படிந்து நீர் குறையும். சொட்டுவானின் கீழ் ஒரு கிண்ணத்தை ஆறு நிமிடம் வைத்து நீரை அளந்தால், மணித்தியாலத்திற்குரிய அளவின் பத்திலொரு பங்கு கிடைக்கும். 2 இலீற்றர்ச் சொட்டுவான் 200 மில்லிலீற்றர் தருதல் வேண்டும். குழாயின் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் இவ்வாறு அளந்ததன் சராசரி 150 மில்லிலீற்றராயின், மிளகாய்ப் பகுதியின் உண்மையான நீரோட்டம் 320 அன்று, 240 ஆகும். பாய்ச்சும் நேரமும் 32 நிமிடத்தினின்று 42 ஆக உயரும். முடிவில் மட்டும் நீர் பெரிதும் குறைந்திருப்பின், நேரத்தை நீட்டுவதால் அக்குறை தீராது; அங்கு அடைப்போ அழுத்தக்குறைவோ உண்டெனக் கொண்டு, குழாயின் நுனியைத் திறந்து கழுவிய பின்னர் மீண்டும் அளத்தல் வேண்டும்.