படத்தில் வந்த பூனை

தர்மபுரி மாவட்டத்தில் நான் கால்நடை வைத்தியனாக உத்தியோகம் பார்த்த நாட்களில், மருந்தகத்து வாசலில் பசுவும் எருமையும் வெள்ளாடும் வரிசையாக நிற்குமேயன்றி, பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; வந்த ஒருவரிருவரும் பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்காரர் சிரிப்பாரோ என்ற கூச்சத்தில் அதைத் துணிப்பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டே நிற்பார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்கு இப்போது வாரத்துக்கு இரண்டு பூனைகளாவது கைப்பேசி வழியே படமாக வந்து சேருகின்றன. ஒன்று கால் நொண்டும், இல்லையேல் கண்ணில் பீளை தள்ளியிருக்கும். கேள்வியும் மாறுவதில்லை: ‘இன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டுமா, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?’ சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்தோ, மிரண்டுபோன ஒரு பூனையைக் கூடையில் அடைத்துக்கொண்டு பஸ் மாறி மருத்துவமனைக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை அறிந்தவன், இக்கேள்வியை அலட்சியமாக எண்ண மாட்டான்.

போன ஐப்பசியில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து என் தங்கை மகன் அனுப்பிய படத்தை வைத்தே விஷயத்தைச் சொல்லுகிறேன். “மாமா, கருப்பன் ராத்திரி பூரா வீட்டுக்கு வரவில்லை. விடிந்து பார்த்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். கண்ணிலும் தண்ணீர் வடிகிறது. பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தான். கருப்பன் மூன்று வயதுக் கடுவன், காயடிக்கப்படாதவன், ஆகவே இரவெல்லாம் கரும்புத் தோட்டத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

அனுப்பிய படங்கள் இரண்டு. ஒன்றில் ஒரு கை பூனையின் காலை இறுகப் பிடித்திருந்தது. காலைத் தவிர வேறொன்றும் அதில் தெரியவில்லை. மற்றொன்று இருட்டறையில் ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. இரண்டு கண்களும் பச்சை விளக்குகளாக எரிந்தன. பூனையின் விழித்திரைக்குப் பின்னே கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது; இருளில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தையும் திருப்பியனுப்பி இரண்டாம் முறை உபயோகிப்பதற்காக இயற்கை அமைத்த அந்த உபாயம், ஃப்ளாஷின் முன்னால் ஜொலித்து, நாம் பார்க்க வேண்டிய கருவிழி மேற்பரப்பை முற்றிலும் மறைத்துவிடுகிறது. நோவுள்ள இடத்தையே நெருங்கிப் படமெடுப்பது மனித சுபாவம். ஆனால், பூனை எவ்வளவு துன்பப்படுகிறது என்ற செய்தி நோவுள்ள இடத்தில் இருப்பதைவிட, அது உட்கார்ந்திருக்கும் தோரணையிலும் முகத்திலும்தான் அதிகம் இருக்கிறது.

ஆகையால் வேறு படங்கள் கேட்டேன். யாரும் தொடாமல், அது தானாக உட்கார்ந்திருக்கும்போது, தரையோடு தரையாகக் கைப்பேசியைத் தாழ்த்தி எடுத்த முழு உருவம் ஒன்று. பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஜன்னலோரத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், இரு கண்களும் தெரியும் முகம் ஒன்று. இரண்டு முன்னங்கால்களின் அடிப்பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவது ஒன்று. சிமெண்டுத் தரையில் பத்து விநாடி நடக்கும் வீடியோ ஒன்று. இரண்டு கால்களையும், இரண்டு கண்களையும் சேர்த்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எல்லாப் பூனைகளுக்கும் பொதுவான அளவு என்று ஒன்று நம் மனத்தில் இராது, நல்ல கால்தான் கெட்ட காலுக்கு அளவுகோல்.

பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறை ஒன்றை, கனடா தேசத்து மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். நம் விஷயத்துக்கு அது மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் அதை அவர்கள் உண்டாக்கியதே படங்களைக் கொண்டுதான். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த முகவாய்ப்புறம், மீசை, தலை நிற்கும் உயரம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே சுழியோ, ஒன்றோ, இரண்டோ கொடுக்கிறார்கள். முன்னோக்கி நிமிர்ந்த காதுக்குச் சுழி. இரு காதுகளும் ஒன்றைவிட்டொன்று விலகத் தொடங்கினால் ஒன்று. வெளிப்புறமாகத் திரும்பித் தட்டையாகிவிட்டால் இரண்டு. மீசை தளர்ந்து வளைந்திருந்தால் சுகம். நேராக விறைத்து முன்னோக்கினால் வலி. தலை தோள்மட்டத்துக்கு மேலே இருப்பது இயல்பு. தோளுக்குச் சமமாக வந்தால் ஒன்று. அதற்கும் கீழே தொங்கினால் இரண்டு. பத்துக்கு நாலு வந்துவிட்டால் வலிக்கு வைத்தியம் தேவை என்பது அவர்கள் நிர்ணயம். தூங்குகிற பூனையையோ, தின்கிற, கத்துகிற, தன்னை நக்கிக்கொள்கிற பூனையையோ இவ்வாறு அளக்கக் கூடாது.

கருப்பனின் இரண்டாவது தொகுதிப் படங்களில் காதுகள் விலகியிருந்தன. முகவாய் சற்று இறுகியிருந்தது. மீசையின் வளைவு குறைந்திருந்தது. தலை தோளோடு தோளாக இருந்தது. இப்படி ஒவ்வொன்றாக நாலு வந்துவிட்டது. கண்ணை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை. வலியினால் முகம் சுருங்கும்போது இரண்டு கண்களும் சேர்ந்தே இடுங்கும். கருப்பனுக்கோ இடது கண் வட்டமாகத் திறந்திருக்க, வலது கண் மாத்திரம் பாதி மூடியிருந்தது. ஒரு கண் மட்டும் இடுங்குமானால் நோவு அந்தக் கண்ணிலேயே இருக்கிறது என்று பொருள்.

இங்கே சற்று நின்று பேச வேண்டும்; ஏனெனில் கண்ணிலிருந்து என்ன வடிகிறது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். விடியற்காலையில் கண்ணின் மூக்கோரத்து மூலையில் காய்ந்த பழுப்பு நிறப் பொருக்கு இருப்பது சகஜம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாக வடிந்து, கூடவே தும்மலும் இருந்தால், பூனைகளுக்குள் பரவும் சளிக்காய்ச்சலாக இருக்கலாம். தீனி தின்கிற பெரிய பூனையானால் அடுத்த நாள் வரை அவகாசம் உண்டு. பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியின் மூடிய இமைக்குள் சீழ் கட்டி வீங்கியிருந்தால், அதற்கு அந்த அவகாசம் கிடையாது. ஆனால், வடிவது எதுவானாலும், கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொள்வதும், கருவிழியின் மேலே நீலம் பாய்ந்தாற்போல மங்கல் படர்வதும், இரு கண்மணிகளும் அளவில் மாறுபடுவதும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டிய லட்சணங்கள். கருப்பனின் கண்ணில் வடிந்தது தெளிந்த நீர்தான். பார்ப்பவர்க்கு அற்பமாகத் தோன்றும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோதுதான், கருவிழியில் அரிசியின் பாதியளவுக்கு ஒரு புகைமூட்டம் தெரிந்தது. எதிரியின் நகம் கீறியிருக்கலாம். கரும்புச் சோகை அறுத்திருக்கலாம். மேற்பரப்புக் கீறல் தூய்மையாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். கிருமி புகுந்துவிட்டாலோ, படலம் ஓரிரு நாளிலேயே கரைந்து ஓட்டை விழவும் கூடும். இவ்விரண்டில் எது என்பதை எந்தப் படமும் காட்டாது.

“பாட்டிக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து பாக்கி இருக்கிறது மாமா, அதை விடலாமா?” என்று கேட்டான். இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். கண்புரை அறுவைக்குப் பின் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். கீறல்பட்ட கருவிழியில் அதை விட்டால் ஆறுவது நின்றுபோய்க் கிருமிக்கு வழி திறந்துவிடும். சிவப்பு அடங்குவதால் குணமாகிறது என்ற பிரமையையும் அது உண்டாக்குவதால் கேடு இரட்டிப்பாகிறது. பிறகு, கால் வலிக்குக் காய்ச்சல் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்றான். மனிதர்க்கு நிரபாயமான பாரசிட்டமாலை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது இரத்தத்தைப் பழுப்பாக்கிப் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் செய்துவிடும். நாலு கிலோ பூனைக்கு அரை மாத்திரையே யமனாகலாம். கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு. அப்போது காலையோ கண்ணையோ பற்றிய பேச்சுக்கே இடமில்லை, உடனே வண்டி பிடியுங்கள் என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

இனிக் கால். வீடியோவில் கருப்பன் அடிப்பாதத்தைத் தரையில் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தான். கால் கோணவில்லை, துணிபோல் தொங்கவுமில்லை. பாத மெத்தைகள் இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு. நம் கொல்லைகளில் பூனையை நொண்ட வைக்கும் பிரதான குற்றவாளியான நெருஞ்சி முள் விரலிடுக்கில் இல்லை. முழங்கைக்குக் கீழே மாத்திரம் ரோமம் நனைந்து ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி வீக்கம் கண்டிருந்தது. பூனைப் பல் ஊசி போன்றது. தோலில் சிறு துளையிட்டு ஆழத்தில் அழுக்கை வைத்துவிட்டு வரும். துளை ஒரே நாளில் மூடிக்கொள்ள, இரண்டு முதல் நாலு நாளில் உள்ளே சீழ்க்கட்டி திரளும். கால் மாத்திரமாக இருந்தால் மறுநாள் காலை வரை பொறுக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கண்தான் அன்றைக்கே போகச் செய்தது.

கால் விஷயத்தில் ஒரு நிமிஷமும் பொறுக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. நன்றாக இருந்த பூனை திடீரென்று அலறி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்தால், பின்பாத மெத்தைகளையும் முன்பாத மெத்தைகளையும் சேர்த்துப் படமெடுத்துப் பாருங்கள். முன்னது சிவந்தும், பின்னது வெளிறியோ நீலம் பூத்தோ, தொட்டால் குளிர்ந்தும் இருக்குமானால், இதயத்தில் உறைந்த இரத்தக்கட்டி கால்களுக்குப் போகும் பெரிய நாளத்தை அடைத்துவிட்டது என்று அனுமானிக்கலாம். விழுந்து அடிபட்டது என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையும் இதே வரிசையில் சேர்ந்ததே.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை: எப்போது தொடங்கியது, தீனி தின்றதா, என்ன மருந்து கொடுத்தீர்கள். ஒரு நாள் முழுதும் தின்னாத பூனைக்குப் படம் எப்படி இருந்தாலும் மருத்துவமனைதான். படத்தைப் பார்த்து ‘போங்கள்’ என்று நான் தயங்காமல் சொல்லியிருக்கிறேன். ‘போக வேண்டாம்’ என்று படத்தை மட்டும் நம்பிச் சொன்னதில்லை.

அன்று மத்தியானமே கருப்பனைத் துண்டில் சுற்றி, காய்கறிக் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டிக் கொண்டுபோனார்கள். நோவுள்ள பூனை தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மருத்துவர் கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயத்துளி விட்டு, நீல விளக்கடியில் பார்த்தார், கீறல் விழுந்த இடம் பச்சைக் கோடாகத் தெரிந்தது, ஆழமில்லை. ஸ்டீராய்டு இல்லாத ஆன்டிபயாடிக் சொட்டும், கழுத்துக்கு ஒரு கூம்புப் பட்டையும் கொடுத்தார். முழங்கைக்குக் கீழே ரோமத்தை மழித்தபோது இரண்டு பல் துளைகள் இருந்தன, காய்ச்சலும் இருந்தது, ஊசி போட்டார்.

ஆறாம் நாள் மறுபடியும் ஒரு படம் வந்தது. காதுகள் முன்னோக்கி நிமிர்ந்திருந்தன, தலை உயர்ந்திருந்தது, நாலு காலும் திண்ணையில் சமமாக ஊன்றியிருந்தன. கண்ணைப் பற்றி மாத்திரம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை; பையன் மறுபடியும் ஃப்ளாஷ் போட்டிருந்தான்.