வில்லும் அரைநாணும்

ஆரியபட்டரின் சைன் அட்டவணையில் முதல் எண் 225. ஆரம் 3438 அலகாகக் கொண்ட வட்டத்தில், 3¾ பாகைக்கு உரிய அரைநாண் அது. அதே கோணத்துக்கு உரிய வில்லின் நீளமும் 225தான். வளைந்த வில்லும் நேரான அரைநாணும் சமமாக முடியாதே! துல்லியமாகக் கணக்கிட்டால் அரைநாண் 224.86, அதை முழு எண்ணாக்கியபோது வேறுபாடு மறைந்துவிட்டது.

கோணம் சுருங்கச் சுருங்க இந்த வேறுபாடு எப்படிக் கரைகிறது என்பதைத்தான், x பூச்சியத்தை நெருங்கும்போது sin x / x இன் எல்லை 1 என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நேரடியாக x = 0 போட்டால் 0/0 வந்து வழி அடைத்துவிடும். படம் வரைந்தால் வழி திறக்கிறது.

ஆரம் 1 உள்ள வட்டம் வரையுங்கள். மையம் O. வட்டத்தின் மேல் A, P என இரு புள்ளிகள். O-வில் அவை உண்டாக்கும் கோணம் x ரேடியன், செங்கோணத்தைவிடச் சிறியது. A-யில் தொடுகோடு போட்டு, OP-ஐ நீட்டினால் இரண்டும் T-யில் சந்திக்கும். இப்போது மூன்று உருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருப்பதைப் பாருங்கள்: உள்ளே OAP முக்கோணம், அதைச் சூழ்ந்து OAP வட்டக்கோணப்பகுதி, அதற்கும் வெளியே OAT முக்கோணம். பரப்புகள் முறையே ½ sin x, ½ x, ½ tan x. உள்ளே இருப்பது சிறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்:

sin x < x < tan x

நீளங்களை வைத்தே இதைச் சொல்லலாமே என்று தோன்றும். நாணைவிட வில் நீளம் என்பது சரி. ஆனால் வில்லைவிடத் தொடுகோடு AT நீளம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. பரப்பில் அந்தச் சந்தேகம் எழுவதே இல்லை. இந்த நிரூபணத்தின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

tan x என்பது sin x / cos x. எல்லாவற்றையும் sin x-ஆல் வகுத்துத் தலைகீழாக்கினால்,

cos x < sin x / x < 1

x சுருங்கும்போது P வட்டத்தின் வழியே A-யை நோக்கி இறங்க, cos x ஒன்றை நெருங்குகிறது. நடுவில் அகப்பட்ட விகிதத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆரியபட்டரின் 3¾ பாகையிலேயே கீழ்வரம்பு 0.9979, விகிதம் 0.9993. x குறை எண்ணானால் sin x-உம் குறி மாறும், விகிதம் மாறாது.

லோபிதால் விதியால் ஒரே வரியில் முடிக்கலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கு sin x-இன் வகைக்கெழு cos x என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வகைக்கெழுவைக் கண்டுபிடிப்பதற்கே வழக்கமான வழியில் இந்த எல்லைதான் தேவை. ஆகவே அது சுற்றி வளைத்து, நிரூபிக்க வேண்டியதையே எடுத்துக்கொள்வதாகிவிடும்.

கோணத்தைப் பாகையில் அளந்தால் விடை 1 வராது. வட்டக்கோணப்பகுதியின் பரப்பு ½ x என்பது ரேடியனுக்கு மட்டுமே பொருந்தும். பாகையில் எல்லை π/180, அதாவது சுமார் 0.01745, கால்குலேட்டரைப் பாகைக்கு மாற்றி sin 1 அழுத்தினால் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும்.